இருக்கிறாரா, இல்லையா?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவர் மேடையேறினால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று பயந்திருப்பீர்கள். நாங்கள் இன்று 'இரு' என்ற சொல்லைப் பற்றிப் பேசப் போகிறோம்.

"அரிப்பில் ஒரு கோட்டை இருக்கிறது" என்றால், ஊரை அறியாதவருக்குக் கோட்டை உண்டு என்று சொல்கிறோம். "கோட்டை அரிப்பில் இருக்கிறது" என்றால், கோட்டையை அறிந்தவருக்கு அதன் இடத்தைச் சொல்கிறோம். ஆங்கிலம் முதலாவதற்கு 'தெயார் இஸ்' என்று தனித் தொடக்கம் வைத்திருக்கிறது. தமிழில் சொற்கள் இடம் மாறினாலே போதும்.

சிங்களம் வேறு இடத்தில் கோடு போடுகிறது. உயிருள்ளவர் 'இன்னவா', பொருள் 'தியெனவா'. சிங்களம் பழகிய நாட்களில் நாங்கள் "அம்மா தியெனவா" என்று சொல்லி, அம்மாவைக் கதிரை மேசையோடு சேர்த்துவிட்டோம். சிரிக்காதவர் எவருமில்லை. ஆனால் வார்ட்டில் அதே நோயாளி மூச்சு நின்றபின் 'தியெனவா'வுக்குப் போய்விடுவார். சடலம் அந்த மொழியில் பொருள்தான்.

தமிழில் அந்தக் கோடு இல்லை. எங்களுக்குச் சிக்கல் 'இல்லை'யில்தான் வருகிறது. "டொக்டர் இல்லை" என்றால் இன்று வரவில்லை என்றும் கொள்ளலாம், இந்த ஊருக்கே டொக்டர் கிடையாது என்றும் கொள்ளலாம். "அப்பா இல்லை" என்றால் வெளியே போயிருக்கலாம், இறந்தும் இருக்கலாம்.

ஒரு கர்ப்பிணித் தாயிடம் "கணவர் இருக்கிறாரா?" என்று கேட்டோம். "இல்லை" என்றார். அட்டையில் 'காலமானார்' என்று எழுதிவிட்டோம். அடுத்த கிளினிக்கிற்கு அந்த மனிதரே பை நிறையக் கருவாட்டோடு வந்து நின்றார்! மனுசன் இரண்டு வாரமாக வாடியில் இருந்திருக்கிறார். பிழை அந்தத் தாயினுடையதல்ல, எங்கள் கேள்வியினுடையது. இடம் சொல்லாமல் கேட்டால், கேட்பவர் உயிரை நினைக்கிறார், பதில் சொல்பவர் வீட்டை நினைக்கிறார். அன்றிலிருந்து "வீட்டில் இருக்கிறாரா?" என்று முதலில் கேட்கிறோம். 'இல்லை' என்று வந்தால் "எங்கே இருக்கிறார்?" என்பது அடுத்த கேள்வி. இறந்தவருக்கு அந்த இரண்டாவது கேள்வியில் பதில் தானாக வெளிவந்துவிடும்.

இந்த முறையும் ஓரிடத்தில் உடைந்துபோகிறது. யுத்தத்தில் மகனைத் தொலைத்த தாயிடம் "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டால், அவனையும் சேர்த்தே எண்ணுகிறார். "எங்கே இருக்கிறார்?" என்றால், "எங்கேயோ இருக்கிறான்" என்பார். இடம் வெறுமையாய்க் கிடக்க, 'இருக்கிறான்' மட்டும் நிற்கிறது. 2016இல் வந்த சட்டத்திருத்தம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற்போனவர் என்று பதியும் சான்றிதழைப் பெற வழி செய்தது. 'இல்லை' என்று எழுதாமலே குடும்பத்தின் அலுவல்களைப் பார்க்கலாம். ஆனால் எங்கள் கிளினிக் படிவத்தில் உயிருடன், இறந்தவர் என்று இரண்டே கட்டங்கள். அப்படிப்பட்ட தாய்மார் வந்தால் நாங்கள் இரண்டையும் விட்டுவிட்டு, ஓரத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: "எங்கேயோ இருக்கிறான்."