கடைசிக் கேள்விக்கு என்ன பதில்?

இருக்கன்குடியைச் சேர்ந்த, வேதியியல் படித்த ஒரு பையன், சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்குப் போர்மேன் வேலை கேட்டுப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி கடைசியாகக் கேட்கிறார்: “சரி தம்பி, உன்னை எதுக்கு எடுக்கணும்?”

“நல்லா உழைப்பேன், சீக்கிரம் கத்துக்குவேன்” என்பதைத்தான் வந்தவர் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். முதலாளிக்கு என்ன கவலை என்று அவர் கேட்ட கேள்விகளிலேயே தெரிந்துவிடும். அறைக்கு எத்தனை ஆள், மிச்ச மருந்தை என்ன செய்வாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டாரா? அப்படியானால் விபத்தும், சோதனையில் லைசென்ஸ் போவதும்தான் அவர் பயம். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை போட்டபின் அந்தப் பயம் கூடித்தான் இருக்கிறது.

அப்போது பதில் இப்படி வரலாம்: “ஐயா, அறையில ஆள் கூடிடக் கூடாதுங்கிறதுதான் உங்க கவலைன்னு புரியுது. முன்னாடி வேலை பார்த்த இடத்துல தினமும் தலை எண்ணிப் பதிவேட்டுல எழுதினது நான்தான். கலந்த மருந்தை மறுநாளைக்கு வச்சதில்ல. தீபாவளி ஆர்டர் நெருக்கத்திலயும் அஞ்சாவது ஆளை உள்ள விடல. இங்கயும் முதல் வாரமே அந்தப் பதிவேட்டை ஆரம்பிச்சிடுவேன்.”

அரை நிமிடம்தான். அவர் கவலை, நம் சான்று, செய்யப்போவது, மூன்றும் வந்துவிட்டன. “விபத்தே நடக்காது” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மருந்தோடு வாழ்ந்தவர் அதை நம்பமாட்டார். செய்யாததைச் செய்ததாகவும் சொல்லாதீர்கள். பழைய ஆலைக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.