மண்டபத்துக்கு என்ன பெயர்?

ஜமாஅத்தார்களே, நாம் கட்டவிருக்கும் மண்டபத்துக்கு 'ஷாதி மஹால்' என்று மட்டும் பெயர் வைத்தால் போதாது என நினைக்கிறோம். அந்தப் பெயர் ஊருக்கு ஊர் இருக்கிறது. காரைக்குடிப் பக்கத்திலும் ஒரு சங்கராபுரம் உண்டு. கைப்பேசியில் வழி பார்த்து வரும் வெளியூர்ச் சம்பந்திகள் அங்கே போய் நிற்கக்கூடும். நன்கொடையாளரின் நீளமான பெயர் ஆட்டோக்காரர் வாயில் நுழையாது. அதைக் கல்வெட்டில் பொறித்துவிடுவோம். 'நிக்காஹ் மஹால்' என்றால், காதுகுத்துக்கு இடம் கேட்க இந்து அண்டை வீட்டார் தயங்குவார்கள். 'சலாம் மஹால்' சிறியது, எல்லோரும் அறிந்த சொல். ஆங்கிலத்தில் பலகை, பத்திரிகை, வரைபடம் மூன்றிலும் Salam Mahal என்றே இருக்கட்டும். ஓரிடத்தில் Salaam என்று போட்டால் இரண்டு மண்டபம் போலத் தெரியும். கீழே 'சங்கராபுரம், கள்ளக்குறிச்சி மாவட்டம்' என்பது கட்டாயம். ஆட்சேபம் இருந்தால் வரும் ஜும்ஆவுக்குள் சொல்லுங்கள்.