மஞ்சள் விளக்கு சொல்லும் சேதி



திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்குப் போக 18 கொண்டை ஊசி வளைவுகள். பழைய கார்புரேட்டர் பைக்கில் ஏறினால் மேலே போகப் போக வண்டி திணறும். கார்புரேட்டரின் குறுகலான கழுத்து வழியே பாயும் காற்றுதான் ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. மலையில் காற்றின் அடர்த்தி குறையும். ஆனால் பெட்ரோல் அதே அளவுக்குக் குறையாது. கலவையில் பெட்ரோல் மிஞ்சிவிடும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் புது பைக்குகளில் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். காற்றழுத்தம், இன்ஜின் சூடு, புகையில் மிஞ்சும் ஆக்சிஜன் இவற்றை சென்சார்கள் சொல்ல, ஒரு சிறு கணினி கணக்குப் போட்டு, இன்ஜெக்டரைச் சில மில்லிசெகண்ட் மட்டும் திறக்கிறது. மலையேறினாலும் கலவை சரியாக இருக்கும்.

இந்தப் புது பைக்குகளில் சாவி போட்டதும் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைந்தால் நல்லது. ஓடும்போது அணையாமல் எரிந்தால், பெரும்பாலும் ஏதோ சென்சாரோ வயரோ தவறான அளவு சொல்கிறது என்று பொருள். கணினி உத்தேசக் கணக்கில் வண்டியை ஓட்டும். பெட்ரோல் அதிகம் குடிக்கலாம். மெதுவாக ஒர்க்‌ஷாப் போய், ஸ்கேனரில் எரர் கோடு பாருங்கள். காரில் அதே விளக்கு மின்னினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள்: எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும்.