கண்ணில் இட்ட துளி நெஞ்சிற்குச் செல்லும் வழி



கண்டி நகரத்திற்கு மேலே ஹந்தானை மலைச்சரிவில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு முதியவரை மனக்கண்ணில் நிறுத்திக்கொள்வோம். வயது அறுபத்தெட்டு. குருதி அழுத்தத்திற்காகப் பல ஆண்டுகளாக நாளொன்றுக்கு ஓர் அற்றெனலோல் மாத்திரை விழுங்கி வருகிறார். அண்மையில் கண்டி வைத்தியசாலையின் கண் கிளினிக்கில், அவருடைய இரு கண்களிலும் குளுக்கோமா என்னும் நோய் தொடங்கியிருப்பதாகக் கண்டார்கள். கண்ணினுள் ஊறும் நீர் தக்கபடி வடியாமல் அழுத்தம் மிகுந்து, பார்வை நரம்பு மெல்ல மெல்ல அழிந்துபோகும் நோய் அது. அழிந்த நரம்பு மீளாது; எஞ்சியிருப்பதைக் காக்கவே மருந்து. அவருக்குக் கிடைத்தது டிமோலோல் என்னும் சொட்டு மருந்து. காலை ஒரு துளி, மாலை ஒரு துளி, இரு கண்களுக்கும்.

முதியவர் மருந்தை மறக்கவில்லை. மறவாமையோடு தாராளமும் சேர்ந்துகொண்டதுதான் தொல்லை. ஒரு துளி போதுமோ போதாதோ என்ற ஐயத்தில் மூன்று துளிகளை விட்டார். உடனே கண்ணைப் படபடவென்று கொட்டி, கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டார். சிறிது நேரத்தில் தொண்டையில் ஒரு கசப்புத் தோன்றும். அதனை அவர் பொருட்படுத்தவில்லை. பத்தாம் நாள் குப்பி காலியாயிற்று. நகரத்துப் பார்மசியில் மற்றொன்று வாங்கினார். மூன்றாம் வாரத்தில் படிக்கட்டு ஏறும்போது தலை சுற்றியது. பனிக்காலத்துச் சோர்வு என்று வீட்டார் எண்ணினர். ஒருநாள் காலை முற்றத்தில் மயங்கி விழுந்தபோதுதான் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார்கள். நாடி நிமிடத்திற்கு 42.

“வேறு என்ன மருந்து பாவிக்கிறீர்கள் ஐயா?” என்று வைத்தியர் வினவினார்.

“பிரஷர் குளிசை மட்டுந்தாங்க, டொக்டர் ஐயா.”

அவர் பொய் சொல்லவில்லை. கண்ணுக்கு விடுவது கண்ணோடு நின்றுவிடும் என்று அவர் நம்பியிருந்தார். மேல்நாடுகளில் படித்தோரும் இவ்வாறே விடையளிப்பதுண்டு. கண் சொட்டினை மருந்துகளின் கணக்கிலே சேர்க்க நமக்குத் தோன்றுவதில்லை. மகள் தன் கைப்பையிலிருந்து குப்பியை எடுத்துக் காட்டிய பின்னரே காரணம் வெளிப்பட்டது.

துளி எவ்வாறு நெஞ்சை அடைகிறது? இமைகள் இரண்டும் மூக்கின் பக்கமாகச் சேருமிடத்தில், ஒவ்வோர் இமையின் விளிம்பிலும் ஊசிமுனை போன்ற ஒரு துவாரம் உண்டு. கண்ணீர் அதன் வழியே குழாயில் இறங்கி மூக்கினுள் வடிகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது அதனாலேயே. சாதாரணமாக ஒரு சொட்டு, கண் ஏந்தக்கூடிய அளவிற்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ இருக்கும். ஆகவே இரண்டாவது துளிக்குக் கண்ணில் இடமே இல்லை. அது கன்னத்தில் வழியும், அல்லது குழாயில் இறங்கும். நாம் இமையைக் கொட்டுந்தோறும் அக்குழாய் ஒரு பம்பியைப் போல மருந்தை உறிஞ்சுகிறது. முதியவரின் தொண்டைக் கசப்பு, மருந்து வழிதவறிச் சென்றதற்கான அடையாளமாகும்.

0.5 வீத மருந்தின் ஒரு துளியில் ஏறக்குறைய 0.2 மில்லிகிராம் டிமோலோல் இருக்கும். இஃது அற்பமென்று தோன்றலாம். ஆயினும் விழுங்கிய மாத்திரை குடலிலிருந்து முதலில் ஈரலுக்குச் சென்று, அங்கே தன் வலிமையில் ஒரு பகுதியை இழந்த பின்னரே உடலெங்கும் பரவுகிறது. மூக்கின் மென்சவ்வு உறிஞ்சும் மருந்தோ, அந்தச் சுங்கச்சாவடியைக் கடவாமல் நேரே குருதியிற் கலக்கிறது.

இதயத்தின் வேகத்தைக் கூட்டும் நரம்புச் செய்தியைத் தடுக்கும் மருந்தினத்தை உருவாக்கியவர் ஸ்கொட்லாந்து நாட்டு ஜேம்ஸ் பிளாக். அதற்காக 1988இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். டிமோலோலும் அற்றெனலோலும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே. நம் முதியவர் ஒரே வேலையைச் செய்யும் இரு மருந்துகளை, ஒன்றை வாயாலும் ஒன்றைக் கண்ணாலும், அறியாமலே உட்கொண்டிருந்தார். நாடி தளர்ந்ததில் வியப்பென்ன?

இதயத்திற்கு இவ்வளவு. நுரையீரலின் கதை இன்னும் கடுமையானது. மூச்சுக்குழல்களை விரித்து வைக்கும் செய்தியையும் டிமோலோல் தடுத்துவிடும். தொய்வு நோயுள்ள ஒருவருக்கு முதல் துளியிலேயே இழுப்புத் தோன்றலாம். உயிருக்கே இடர் நேர்ந்ததும் உண்டு. அவ்வேளையில் அவர் வழக்கமாக உள்ளிழுக்கும் சல்பியூற்றமோல் தக்க பயன் தராமற் போகக்கூடும். அது சென்று தட்டவேண்டிய கதவை டிமோலோல் முன்னரே அடைத்திருக்கும். ஆதலால், சிறுவயதில் மட்டுமே தொய்வு இருந்தது என்பவரும் அதனைக் கண் வைத்தியரிடம் சொல்லியே ஆகவேண்டும். நாடி இயல்பாகவே மெதுவாயிருப்பவர், இதயத்தில் மின்னோட்டத் தடை உள்ளவர், வெரப்பமில் மாத்திரை விழுங்குபவர் ஆகியோரும் அவ்வாறே சொல்லவேண்டும்.

இனித் துளியிடும் முறை. கைகளைக் கழுவிக்கொண்டு, அமர்ந்தோ படுத்தோ தலையைப் பின்னே சாய்க்கவேண்டும். கீழிமையை ஒரு விரலால் மெல்ல இழுத்தால் சிறு பை போன்ற குழி தோன்றும். குப்பியின் நுனி இமையையோ மயிரையோ தீண்டாதபடி மேலே பிடித்து, மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டு, அக்குழியில் ஒரே ஒரு துளி. தவறி வெளியே விழுந்தாலன்றி இன்னொன்று வேண்டா. பின்னர் கண்ணை இறுக்காமல், கொட்டாமல், உறங்குபவர் போல மூடிக்கொண்டு, சுட்டுவிரலால் கண்ணின் உள்மூலையை மூக்கெலும்போடு சேர்த்து அழுத்தவேண்டும். கண்மணியை அழுத்தலாகாது. மூன்று நிமிடமாவது, இயன்றால் ஐந்து நிமிடம் அவ்வாறே இருக்கவேண்டும். ஐந்து நிமிடம் இங்ஙனம் செய்தால் குருதியிற் சேரும் டிமோலோல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது என்பது 1984இல் வெளியான ஆய்வொன்றிற் காணப்பட்டது. விரல் நடுங்கும் முதியோர் கண்ணை மூடியிருந்தாலே பெரும்பயன் உண்டு. வேறொரு சொட்டும் இடவேண்டியிருப்பின், ஐந்து நிமிடமேனும் கழியட்டும். இல்லையேல் பின்னது முன்னதைக் கழுவிவிடும்.

ஆனால் ஓர் எல்லையை மறத்தலாகாது. விரலால் அழுத்துவது மருந்தின் கசிவைக் குறைக்குமேயன்றி முற்றும் நிறுத்தாது. தொய்வு நோயாளி, “நான் அழுத்திக்கொள்கிறேன்” என்று டிமோலோலைத் துணிந்து பாவித்தல் தகாது.

சரியாக இடுகிறோமா என்பதைக் குப்பியே சொல்லும். 5 மில்லிலீற்றர் குப்பியில் நூறு முதல் நூற்றைம்பது துளிகள் வரை இருக்கும். நாளொன்றுக்கு நான்கு துளி வீதம் அது நான்கு வாரம் வரவேண்டும். பத்து நாளில் தீர்ந்தால் மிகுதியாக விடுகிறோம். இரண்டு மாதம் வந்தால் வேளைகள் தவறுகின்றன. திறந்து நான்கு வாரமானால், மருந்து எஞ்சியிருப்பினும் எறிந்துவிட வேண்டும்.

குப்பியில் வணிகப் பெயரின் கீழே சிற்றெழுத்தில் உள்ள மருந்தின் பெயரையும் படித்தல் நன்று. மருந்துகளை அவற்றின் சொந்தப் பெயராலேயே வழங்கவேண்டும் என்று வாதாடிய பேராசிரியர் சேனக பிபிலே பேராதனை மருத்துவ பீடத்தில் பணியாற்றியவர். அவர் சொன்னதன் பயன் இங்கேதான் தெரிகிறது. இரு மருந்துகள் கலந்த சில கண் சொட்டுகளில் டிமோலோல் வேறொரு வணிகப் பெயருக்குள் மறைந்திருக்கும். அதனோடு தனி டிமோலோலும் சேர்ந்தால் அளவு இரட்டித்துவிடும்.

முதியவருக்கு வைத்தியர்கள் டிமோலோலை நிறுத்தினார்கள். சில நாட்களில் நாடி அறுபதை எட்டியது. கண் கிளினிக்கில் அதற்கு ஈடாக, இரவில் ஒரு துளி மட்டும் இடும் லற்றனோபுறொஸ்ற் என்னும் வேறின மருந்தைக் கொடுத்தார்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ நேர்ந்தால் அடுத்த துளியை இடாது உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். ஆனால் மாற்று மருந்து பெறாமல் வாரக்கணக்கில் வாளாவிருந்தால் கண்ணின் அழுத்தம் மீண்டும் ஏறும். இப்போது அந்த மகள், தந்தை எந்தக் கிளினிக்கிற்குப் போனாலும் குளிசைகளோடு கண் சொட்டுக் குப்பியையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தனுப்புகிறாள்.