முட்டையின் நிறை பார்த்துத் தண்ணீர் ஊற்றுவோம்



குஞ்சு பொரிக்கும் மெஷின் வாங்கினால் அதோடு ஓர் ஆங்கிலக் கையேடும் வரும். தேற்றாத்தீவிலும் பக்கத்தில் களுதாவளை, செட்டிபாளையத்திலும் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்காக அப்படியொரு கையேட்டைத் தமிழில் எழுதி வருகிறேன். மூன்று விடயங்களைச் சரியாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்: சூடு, ஈரப்பதன், முட்டையைத் திருப்புவது. இவற்றில் ஈரப்பதன் பற்றிய பக்கத்தை மட்டும் உள்ளது உள்ளபடி தமிழாக்கினால் நம் ஊரில் குஞ்சு சாகும். அதைத்தான் இன்று விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் சூட்டைப் பார்த்துவிடுவோம். காற்றாடி உள்ள மெஷினுக்கு 37.5 பாகை செல்சியஸ். பரனைட்டில் சொன்னால் 99.5. காற்றாடி இல்லாத பெட்டியில் சூடு மேலே தங்கும், கீழே குறையும். அதனால் அதற்கு 38.3 முதல் 38.9 வரை வைக்க வேண்டும், வெப்பமானியின் குமிழ் முட்டைகளின் மேல்மட்ட உயரத்தில் இருக்கவும் வேண்டும். மூடியில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்து 37.5 என்று திருப்திப்பட்டால் முட்டைக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவான சூடுதான். வைத்த சூடு சரியா என்பதைப் பொரிக்கும் நாள் காட்டிக்கொடுக்கும். 21ஆம் நாளுக்கு முன்னாலேயே பொரித்து, தொப்புள் மூடாத குஞ்சுகள் வந்தால் சூடு கூடிவிட்டது. 22, 23ஆம் நாள் வரை இழுத்தால் சூடு குறைந்துவிட்டது.

இனி ஈரப்பதன். கையேடு சொல்வது இதுதான்: முதல் 18 நாளும் 50 முதல் 55 சதவீதம் இருக்கட்டும், தண்ணீர்த் தட்டை நிரப்புங்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் சாரீரப்பதன் என்று படித்தோமே, அந்த அளவுதான் இது. இலக்கம் சரியானது. தட்டை நிரப்பச் சொன்னதுதான் நமக்குப் பொருந்தாது.

குளிர்நாடொன்றில் 20 பாகைச் சூடும் 50 சதவீத ஈரப்பதனும் உள்ள காற்று மெஷினுக்குள் போகிறது என்று வையுங்கள். அதை 37.5 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் ஏறத்தாழ 18 சதவீதமாக விழுந்துவிடும். காற்றில் உள்ள நீர் குறையவில்லை, ஆனால் சூடான காற்று பிடிக்கக்கூடிய நீரின் அளவு இரண்டரை மடங்குக்கும் மேலாகிவிட்டது. அங்கே தண்ணீர் ஊற்றாமல் தீராது. நம்முடைய ஊரோ கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக நடுவில் கிடக்கும் ஒடுங்கிய நிலம். 30 பாகைச் சூட்டில் 80 சதவீத ஈரம் இங்கே புதினமில்லை. அந்தக் காற்றை 37.5 பாகைக்குச் சூடாக்கினால் கிட்டத்தட்ட 53 சதவீதம் வருகிறது. அதாவது ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே கையேடு கேட்ட அளவு வந்துவிட்டது. அதற்கு மேல் தட்டையும் நிரப்பினால் அளவு எங்கேயோ போய்விடும்.

அப்படிப் போனால் என்ன கெடுதல்? முட்டைக்கோதில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றின் வழியே நீர் வெளியேறத்தான் வேண்டும். நீர் போகப் போக, முட்டையின் அகன்ற பக்கத்தில் உள்ள காற்றறை பெரிதாகும். கோதை உடைக்கும் முன் குஞ்சு தன் முதல் மூச்சை அந்த அறையில்தான் எடுக்கிறது. நீர் போதிய அளவு போகாவிட்டால் அறை சிறுத்து, குஞ்சு ஊதி, திரும்ப இடமில்லாமல் உள்ளேயே செத்துவிடும். இறந்த முட்டையை உடைத்துப் பார்த்தால் முழுதாக வளர்ந்த குஞ்சு ஈரம் சொட்டச் சொட்டக் கிடக்கும். நீர் அளவுக்கு மீறிப் போனாலும் கெடுதல்தான். அப்போது குஞ்சு சிறுத்து, உள்தோல் காய்ந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

அதனால் தமிழ்க் கையேட்டில் நான் தண்ணீர்த் தட்டைப் பின்னுக்குத் தள்ளி, தராசை முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். மலிவான ஈரப்பதன்மானிகள் பல சதவீதம் பிழையாகக் காட்டும். முட்டையின் நிறை பிழையாகக் காட்டாது. 18 நாளில் முட்டை தன் நிறையில் 11 முதல் 13 சதவீதம் வரை இழக்க வேண்டும் என்பது கணக்கு. நடுவாக 12 என்று எடுத்துக்கொள்வோம்.

வைக்கும் நாளில் பத்து முட்டைகளைத் தெரிந்து, ஒவ்வொன்றையும் நிறுத்து, அதன் நிறையைக் கோதிலேயே பென்சிலால் எழுதுங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். ஒரு முட்டை 60 கிராம் என்றால் பத்தும் 600 கிராம். 18ஆம் நாளில் 72 கிராம் குறைந்து 528க்கு வர வேண்டும். நாளொன்றுக்கு நாலு கிராம், அவ்வளவுதான். ஏழாம் நாள் நிறுத்தால் 28 கிராம் குறைந்து 572 காட்ட வேண்டும்.

தராசு 584 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 கிராம்தான் போயிருக்கிறது, உள்ளே ஈரம் அதிகம். தண்ணீரை முற்றாக எடுத்துவிட்டுக் காற்றுத் துவாரங்களைத் திறந்துவிடுங்கள். மிச்சம் 56 கிராம் பதினொரு நாளில் போக வேண்டும், நாளுக்கு ஏறத்தாழ ஐந்து கிராம். ஆகவே பத்தாம் நாளில் 569 அளவுக்கு வந்திருந்தால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள். மாறாக, ஏழாம் நாளே 560 காட்டினால் காய்கிறது என்று பொருள். அப்போது தண்ணீர் வையுங்கள். ஆழமான பாத்திரத்தால் பயனில்லை, அகலமான பாத்திரம் வேண்டும். நீரின் மேற்பரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு ஆவி எழும். ஏழாம் நாள் வெளிச்சம் பிடித்துப் பார்க்கும்போது அந்தப் பத்தில் ஒன்று கூமுட்டை என்று தெரிந்தால் எடுத்துவிடுங்கள். மற்ற ஒன்பதின் தொடக்க நிறை கோதிலேயே இருப்பதால் கணக்குக் குழம்பாது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்தக் கணக்கு வேறு பக்கம் சாயும். வெளியே 34 பாகையும் 50 சதவீதமும் என்றால் மெஷினுக்குள் 41 சதவீதம்தான் வரும், தண்ணீர் கட்டாயம் வேண்டும். மாரியில் பெரும்பாலும் வேண்டியிருக்காது. ஒரே மெஷின், ஒரே ஆள், இரண்டு பருவத்துக்கு இரண்டு முறை. அதனால்தான் எத்தனை கோப்பை தண்ணீர் என்று நான் எங்கும் எழுதவில்லை.

திருப்புவது பற்றிச் சுருக்கமாக. தட்டில் அகன்ற பக்கம் மேலே இருக்க முட்டை நிற்கும் மெஷினில், தட்டு ஒரு பக்கம் 45 பாகையும் மறுபக்கம் 45 பாகையும் சாயும், மணிக்கு ஒருதரம். கையால் செய்பவர்கள் படுக்கவைத்த முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் போட்டு, நாளுக்கு மூன்று அல்லது ஐந்து தரம் அரைச்சுற்று உருட்ட வேண்டும். ஒற்றைப்படை எண் ஏன் என்றால், இரவு நெடுநேரம் ஒரே பக்கம் கிடக்கும் முட்டை மறுநாள் இரவு மற்றப் பக்கம் கிடக்க வேண்டும். ஒரே திசையில் உருட்டிக்கொண்டே போகவும் கூடாது, ஒருமுறை இப்படி, மறுமுறை அப்படி. திருப்பாமல் விட்டால் கரு கோதின் உள்தோலில் ஒட்டிக்கொள்ளும்.

18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிடுங்கள். அதன்பின் மட்டும் ஈரப்பதன் 65 முதல் 70 வரை ஏற வேண்டும், ஏனென்றால் இப்போது குஞ்சு கோதைக் கொத்தத் தொடங்கும், உள்தோல் ஈரமாக இருந்தால்தான் கிழியும். இந்த மூன்று நாளும் மாரியானாலும் கச்சானானாலும் தண்ணீர் வையுங்கள், மூடியைத் திறக்காதீர்கள். ஒரு குஞ்சைக் கையில் எடுத்துப் பார்க்கும் ஆசையில் திறந்தால் சூடான ஈரக்காற்று ஒரே மூச்சில் வெளியேறிவிடும். பாதி கொத்திய மற்ற முட்டைகளின் தோல் அந்த நேரத்தில்தான் காய்ந்து இறுகும்.

எல்லாம் பொரித்து முடிந்தபின், பொரிக்காத முட்டைகளை எறிவதற்கு முன் உடைத்துப் பாருங்கள். முழுக் குஞ்சு ஈரத்தில் மிதந்ததா, தோலில் ஒட்டி இறுகியதா, முதல் வாரத்திலேயே இரத்த வளையமாக நின்றுபோனதா என்று மூன்று நிரல்களில் குறியுங்கள். கையேட்டின் கடைசிப் பக்கத்தை அதற்காகவே வெறுமையாக விட்டிருக்கிறேன். அடுத்த முறை முட்டை வைக்கும்போது தண்ணீர்த் தட்டை எடுப்பதா வைப்பதா என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்து முடிவுசெய்யலாம்.