மூக்குத்தி குத்துகிற இடமும் மணிக்கூடும்

(நூற்றாண்டு விழாவின் சுகாதார அமர்வில் ஆற்றிய உரை)



உங்கள் கைகளில் இருக்கும் இந்த ஒற்றைத்தாள் துண்டுப்பிரசுரத்தைத் தயாரித்தவர்கள் நாங்கள் நால்வர். ஒருவர் வைத்தியர், இருவர் தாதியர், ஒருவர் இந்தப் பாடசாலையிலேயே விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மூக்கால் இரத்தம் வடிவதற்கு ஒரு துண்டுப்பிரசுரமா என்று சங்கக் கூட்டத்திலே கேட்டார்கள். எங்களில் ஒருத்தியின் தாயாருக்கு நேர்ந்ததைச் சொன்ன பிறகு அந்தக் கேள்வி எழவில்லை. அதை இங்கேயும் சொல்கிறோம்.

அம்மாவுக்கு 74 வயது, யாழ்ப்பாணத்தில் தனியே இருக்கிறார். மகள் கனடாவில். ஆடி மாதம், சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்த நேரம். இரவு 9.40 அளவில் மூக்கால் இரத்தம் வரத் தொடங்கியது. பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். நம் எல்லார் வீட்டிலும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, உச்சியில் தண்ணீர் ஊற்றி, சின்ன வெங்காயத்தை நசுக்கி மணக்கக் கொடுத்தார்கள். இரத்தம் மூக்கால் வருவது குறைந்தது போலிருந்தது. பத்து நிமிடத்தில் அம்மா கறுப்பும் சிவப்புமாகச் சத்தி எடுத்தார். வயிற்றுக்குள்ளே ஏதோ வெடித்துவிட்டது என்று வீடே கலங்கியது.

வயிற்றில் ஒன்றும் வெடிக்கவில்லை. தலையைப் பின்னுக்குச் சாய்த்தால் இரத்தம் நிற்பதில்லை, வழியைத்தான் மாற்றுகிறது. முன்னால் சொட்டியது பின்னால் தொண்டைக்குள் இறங்கி வயிற்றுக்குப் போகிறது. வயிறு இரத்தத்தைத் தாங்காது, திருப்பி அனுப்பும். மூச்சுக் குழாய்ப் பக்கம் போனால் புரைக்கேறும். எவ்வளவு இரத்தம் போயிருக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஆகவேதான் துண்டுப்பிரசுரத்தின் முதல் வரி இப்படி இருக்கிறது: கதிரையில் நிமிர்ந்து இருத்துங்கள், தலையைச் சற்று முன்னுக்குக் குனியவிடுங்கள், மடியில் ஒரு பேசினை வையுங்கள். வாயால் மூச்சு விடட்டும். வாய்க்குள் வரும் இரத்தத்தை விழுங்காமல் பேசினுக்குள் துப்பட்டும். தலைசுற்றி இருக்க முடியாதவரை மட்டும் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து உதவி கூப்பிடுங்கள்.

9.50க்கு மகள் காணொளி அழைப்பில் வந்தார். அங்கே நடுப்பகல், வேலைத்தலத்தில் சாப்பாட்டு நேரம். "அம்மா, தலையை நிமித்தாதேங்கோ. எழும்பி இருந்து முன்னுக்குக் குனியுங்கோ. மூக்கை இறுக்கிப் பிடியுங்கோ" என்றார். அம்மா பிடித்தார். ஆனால் மூக்கின் மேற்பகுதியில், கண்ணாடி தங்குகிற எலும்பில். அங்கே மணிக்கணக்காகப் பிடித்தாலும் பயனில்லை.

காரணம் இதுதான். மூக்கின் இரண்டு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவரின் முன்பகுதியில், விரல் நுனி எட்டும் தூரத்தில், பல மெல்லிய இரத்தக் குழாய்கள் வந்து கூடுகின்றன. பத்து மூக்கு இரத்தங்களில் ஒன்பதாவது அங்கிருந்துதான் வரும். காற்று காய்ந்தால் அந்த இடத்துத் தோல் பொருக்கு வெடிக்கும், பிள்ளைகளின் நகம் அதைக் கிளறிவிடும். சோளகம் செய்கிற அதே வேலையைத்தான் மாரியில் ரொறன்ரோ, ஒஸ்லோ வீடுகளின் சூடேற்றியும் செய்கிறது. அந்த இடம் எலும்புக்குக் கீழே, மெத்தென்ற பகுதிக்குள் இருக்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்து அமத்தினால்தான் குழாய்கள் நடுச்சுவரோடு நசுங்கி அடைபடும்.

இதை எழுத்தில் சொல்வதற்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதற் பிரதியில் "நாசியின் குருத்தெலும்புப் பகுதியை அழுத்தவும்" என்று எழுதியிருந்தோம். எழுதியவர்கள் நாங்கள் மிகத் திருப்தியாக இருந்தோம். ஊரில் பன்னிரண்டு தாய்மாரிடம் அதை வாசிக்கக் கொடுத்து, தங்கள் மூக்கிலே காட்டச் சொன்னோம். ஒன்பது பேர் எலும்பைப் பிடித்தார்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கியவர். அவர் வந்துபோன ஊரில் இருந்துகொண்டு எங்களுக்கு ஒரு மூக்கைத் தமிழில் சொல்லத் தெரியவில்லையே என்று சிரித்துக்கொண்டோம். கடைசியில் வழி காட்டியவர் அந்தத் தாய்மாரில் ஒருவர்தான். "மூக்குத்தி குத்துற இடமெண்டு எழுதுங்கோவன், எல்லாருக்கும் விளங்கும்" என்றார். அப்படியே எழுதிவிட்டோம். பெருவிரலும் சுட்டுவிரலும் மூக்குத்தி குத்துகிற இடத்தை இரண்டு பக்கமும் மூடிப் பிடிக்க வேண்டும். மூக்குத்தி போட்டிருந்தால் கழற்றுங்கள், கழறாவிட்டால் லேஞ்சியை இடையில் வைத்துப் பிடியுங்கள்.

இனி நேரம். மகள் சொல்லி, விரல்கள் சரியான இடத்துக்கு வந்தபோது மணி 9.52. ஒரு நிமிடம் ஆகியிருக்காது, பக்கத்து வீட்டு அக்கா "நிண்டிட்டுதோ, பாப்பம்" என்று அம்மாவின் கையை எடுக்கப் போனார். மகள் போனுக்குள்ளால் சத்தம் போட்டாராம்: "விடாதேங்கோ! இன்னும் ஒம்பது நிமிசம் கிடக்கு!"

வீடுகளில் மூக்கு இரத்தம் நிற்காமல் போவதற்கு நாங்கள் கண்ட முதற் காரணம் இந்தப் "பாப்பம்"தான். அமத்திப் பிடிக்கும்போது குழாயின் வாயில் இரத்தம் மெல்ல உறைந்து மூடியாகிறது. ஒரு நிமிடத்தில் அந்த மூடி கூழாகத்தான் இருக்கும். கையை எடுத்தவுடன் அது அடிபட்டுப் போக, முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாலு தரம் எட்டிப் பார்த்தவர் அரை மணி நேரம் பிடித்ததாக நினைப்பார், உண்மையில் எட்டு நிமிடம்கூட ஒரேயடியாகப் பிடித்திருக்கமாட்டார். மனத்தால் எண்ணுவதையும் நம்ப வேண்டாம். பயத்தில் பத்து நிமிடம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். சுவர் மணிக்கூட்டைப் பாருங்கள், முழுதாகப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். பத்து முதல் பதினைந்து என்று சில நாடுகளில் எழுதுகிறார்கள், அதிலும் பிழையில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு எண் போதும் என்று பத்தை எடுத்தோம். மெல்ல விட்டுப் பார்த்து, இன்னும் வந்தால் இன்னொரு பத்து. அதற்கும் நிற்காவிட்டால் வீட்டில் செய்வதற்கு வேறொன்றும் இல்லை. பிடித்த பிடியோடு வைத்தியசாலைக்குப் போக வேண்டியதுதான். பஞ்சைத் திணிக்காதீர்கள். எடுக்கும்போது அது உறைந்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

அம்மாவுக்கு 10.02க்கு விட்டுப் பார்த்தார்கள். சொட்டிக்கொண்டுதான் இருந்தது. மகள் இரண்டாவது பத்துக்குக் காத்திருக்கவில்லை. இருதயத் துடிப்பு ஒழுங்கில்லாததற்காக அம்மா வோர்பரின் குளிசை போடுகிறவர் என்பது அவருக்குத் தெரியும். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுபவர்களுக்கு முதற் பத்திலேயே முடிவெடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பி 1990க்கு எடுத்தார், இலவச அம்புலன்ஸ் வந்தது. அம்மா வழிநெடுகிலும் மூக்கை விடவில்லை.

வைத்தியசாலையில் மூக்குக்குள் துணித்திரி வைத்து அடைத்து, இரத்தம் உறையும் வேகத்தைப் பார்த்தார்கள். அவருக்கு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டிய ஐ.என்.ஆர் அளவு 5ஐத் தாண்டியிருந்தது. முதல் வாரம் இருமலுக்கு ஒரு அன்ரிபயோட்டிக் எடுத்திருந்தார். அது வோர்பரினின் வேலையைக் கூட்டிவிட்டது. அம்மாவுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை, மருந்து வாங்கியபோது வோர்பரினைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. மூன்று நாளில் அளவைச் சரிசெய்து வீட்டுக்கு விட்டார்கள். இரத்தத்தைக் கண்ட பயத்தில் வோர்பரினைத் தாங்களாகவே நிறுத்துகிறவர்களும் உண்டு. அது பாரிசவாதத்தில் கொண்டுபோய் விடலாம். நிறுத்துவதும் குறைப்பதும் வைத்தியர் சொல்லித்தான். பிரஷர் கூடித்தான் இரத்தம் வந்தது என்று ஒரு பிரஷர் குளிசையைக் கூடப் போட்டுவிடுவதும் வேண்டாம். இரத்தத்தைக் கண்ட பதற்றத்திலேயே பிரஷர் ஏறியிருக்கும்.

மணிக்கூட்டைப் பாராமலே உடனே புறப்பட வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. தலையிலோ முகத்திலோ அடிபட்டபின் வந்த இரத்தம், ஒரு கோப்பைக்கு மேல் போனது, மயக்கம், வெளிறிப்போதல், மூச்சுத் திணறல் ஆகியவை அவை. சரியாக முன்னுக்குக் குனிந்து, சரியான இடத்தில் பிடித்தபடி இருக்கும்போதே தொண்டைக்குள் இரத்தம் இறங்கிக்கொண்டே இருந்தால், அது பின்பக்கத்துப் பெரிய குழாயாக இருக்கலாம். வயதானவர்களில்தான் இது கூட. வீட்டு விரல் அங்கே எட்டாது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இரத்தம் நின்றாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். மாரி மழைக்குப் பிறகு, கார்த்திகை முதல் தை வரை, காய்ச்சலோடு மூக்கால் இரத்தம் வந்தால் டெங்குவாக இருக்கலாம். நின்றுவிட்டது என்று இருந்துவிடாமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சலுக்கு பரசிற்றமோல் தவிர அஸ்பிரினோ இபுபுறுபனோ கொடுக்காதீர்கள்.

நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு தங்கை, "படகு இல்லாத நேரத்தில் இருபது நிமிடக் கணக்கு எங்களுக்கு எப்படி?" என்று கேட்டார். அது நாங்கள் யோசிக்காத விடயம். அதன் பிறகே தீவுப் பகுதிக்கு ஒரு வரி சேர்த்தோம்: முதற் பத்து நிமிடம் பிடித்திருக்கும்போதே இன்னொருவர் பிரதேச வைத்தியசாலைக்கு அறிவிக்க வேண்டும்.

இரத்தம் நின்ற பிறகு ஒரு நாளைக்கு மூக்குச் சீறக் கூடாது, பொருக்கைக் கிளறக் கூடாது, கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி குடிக்கக் கூடாது, குனிந்து வாளி தூக்கக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

தாளின் பின்பக்கத்தில் இரண்டு வரிகளை வெறுமையாக விட்டிருக்கிறோம். ஒன்றில் உங்கள் பெற்றோர் போடும் குளிசைகளின் பெயர், மற்றதில் இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய அயலவரின் இலக்கம். வெளிநாட்டில் இருப்பவர்கள் இதே தாளின் படத்தைத் தங்கள் போனிலும் வைத்திருங்கள். பென்சிலால் எழுதுங்கள், குளிசை மாறும். ஒட்டுவதென்றால் குசினி மணிக்கூட்டுக்குக் கீழே ஒட்டுங்கள்.