ஆறு இலக்கச் சாவி



கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும் ஆறு இலக்க எண்ணைப் பிறருக்குச் சொல்லலாகாது என்று பலரும் கூறக் கேட்டிருப்பீர்கள். ஏன் சொல்லலாகாது என்பதை வாட்ஸ்அப் கணக்கு ஒன்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

ஒரு வாட்ஸ்அப் கணக்கைப் புதிய கைப்பேசியில் திறப்பதற்குப் பொதுவாக வேண்டுவன இரண்டே: உங்கள் தொலைபேசி எண், அவ்வெண்ணுக்கு வரும் ஆறு இலக்கம். தொலைபேசி எண்ணோ ஊரறிந்தது. ஆகவே, காவலாக நிற்பது அந்த ஆறு இலக்கம் ஒன்றே. அதனை இடுபவர் யாரென்று அங்கே எவரும் முகம் பார்ப்பதில்லை. இட்டவரே உரிமையாளர் என்று கொள்ளப்படுகிறார்.

கந்தன், வேலன் என இரு நண்பர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கந்தனின் கணக்கை ஒரு திருடன் முன்னரே கைப்பற்றிவிட்டான். அவன் தன் கைப்பேசியில் வேலனின் எண்ணை இடுகிறான். உடனே வேலனுக்கு ஆறு இலக்கம் வருகிறது. அதே வேளையில், கந்தன் பெயரில் ஒரு செய்தியும் வருகிறது: “தவறுதலாக உன் எண்ணைக் கொடுத்துவிட்டேன், வந்த எண்ணை அனுப்பு.” கேட்பவன் கந்தன்தானே என்று வேலன் அனுப்பிவிடுகிறான். மறு நிமிடம் அவனுடைய வாட்ஸ்அப் அவன் கையைவிட்டுப் போய்விடுகிறது.

பழைய உரையாடல்கள் வேலனின் கைப்பேசியிலேயே தங்கிவிடும். ஆனால், அவன் சேர்ந்திருந்த குழுக்களில் இப்போது திருடன் அமர்ந்திருக்கிறான். “மருத்துவமனையில் இருக்கிறேன், ரூ. 5,000 அனுப்புங்கள்” என்று வேலன் பெயரில் எழுதுகிறான். பணத்தை இழப்பவர்கள் வேலனை நம்பியவர்கள். கொள்ளை போவது அவன் பணமன்று, அவன் பெயர்.

இதற்கு மாற்றும் உண்டு. வேலன் தன் கைப்பேசியில் தன் எண்ணை மீண்டும் பதிந்தால், சிம் அவனிடமே இருப்பதால் புதிய ஆறு இலக்கம் அவனுக்கே வரும். அதை இட்டவுடன் திருடன் வெளியேற்றப்படுவான். இடையில் திருடன் ஒரு மறை எண்ணை அமைத்திருந்தால், வேலன் உள்ளே செல்ல 7 நாள் காத்திருக்க நேரலாம். எனினும் அந்நாட்களில் திருடனும் உள்ளே இருக்க இயலாது. இதற்கிடையே அனைவருக்கும் தொலைபேசியில் பேசி எச்சரிக்க வேண்டும். எவரேனும் பணம் அனுப்பியிருந்தால், தாமதியாது 1930 என்னும் எண்ணில் முறையிட வேண்டும்.

திருடனுக்கு முன்பே நாம் அந்த மறை எண்ணை அமைத்துக்கொள்வது நலம். வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘இரண்டு படிச் சரிபார்ப்பு’ என்னும் பகுதியில் அதற்கு வழியுண்டு. பின்னர் ஆறு இலக்கம் ஒன்றைக்கொண்டு மட்டும் எவரும் நுழைய இயலாது. அந்த மறை எண்ணையும் எவருக்கும் சொல்லலாகாது.

நீங்கள் கேளாமலே ஓர் எண் வந்ததாயின், யாரோ உங்கள் கதவைத் தட்டுகிறார்கள் என்று பொருள். நண்பர் பெயரில் எவரேனும் அதைக் கேட்டால், பதில் எழுதாதீர்கள். அவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் குரலைக் கேளுங்கள். திருடன் கைப்பற்றியது கணக்கைத்தான். நண்பரின் தொலைபேசி இன்னும் அவரிடமே இருக்கிறது.